ரெண்டு ஃபண்ட்ல எது நல்லா ஓடுச்சு? மாசக்கடைசி மதிப்பை வச்சு ரிஸ்க்கையும் சேத்து கணக்கு போடுறது எப்படி

கையில ரெண்டு மியூச்சுவல் ஃபண்ட் இருக்கு. ஒண்ணு போன வருஷம் 18 சதவீதம் ஏறியிருக்கு, இன்னொண்ணு 12.5 சதவீதம்தான் ஏறியிருக்கு. உடனே முதல் ஃபண்ட்தான் கெட்டி, ரெண்டாவதை வித்து அதுலயே போட்டுரலாம்னு தோணும், நிறைய பேர் அப்படித்தான் செய்யவும் செய்றாங்க. ஆனா அந்த 18 வர்றதுக்கு நடுவுல அந்த ஃபண்ட் எவ்வளவு ஏறி இறங்குச்சு, அந்த ஏத்த இறக்கத்துக்கு 18ங்கறது போதுமான கூலியா, இந்தக் கேள்வியைக் கேக்காம ரெண்டு நம்பரையும் பக்கத்துல பக்கத்துல வச்சா அது ஒப்பீடே இல்ல. இதுக்கு பெரிய கணக்குப் படிப்பு ஒண்ணும் வேண்டாம், மாசக்கடைசி மதிப்பு பதிமூணு, ஒரு ஸ்ப்ரெட்ஷீட், அவ்வளவுதான். ஒரு கணக்கை முழுசா போட்டே பாத்துருவோம், அப்புறம் இது எங்க எங்க நம்மள ஏமாத்தும்னு சொல்றேன், ஏன்னா கணக்கை விட அந்தப் பகுதிதான் முக்கியம்.

ரெண்டு ஃபண்டுக்கும் பேர் வேணும்ல, சார்ட்ல வர்ற கோட்டோட கலரை வச்சு சிவப்பு ஃபண்ட், நீல ஃபண்ட்னு வச்சுக்குவோம். இது நான் விளக்கத்துக்காக போட்ட நம்பருங்க, எந்த ஃபண்டோடதும் இல்ல. ஒவ்வொரு மாசமும் கடைசி வேலை நாள் அன்னிக்கு ஒரு யூனிட்டோட மதிப்பு, அதாவது என்ஏவி, இப்படி இருந்துச்சுன்னு வச்சுக்கோங்க:

| மாசம் | சிவப்பு | நீலம் |
|---|---|---|
| 0 | 100.00 | 50.00 |
| 1 | 105.00 | 51.00 |
| 2 | 100.80 | 50.49 |
| 3 | 107.86 | 52.00 |
| 4 | 110.01 | 52.52 |
| 5 | 103.41 | 51.47 |
| 6 | 111.69 | 53.02 |
| 7 | 115.04 | 54.08 |
| 8 | 109.28 | 53.54 |
| 9 | 115.84 | 55.14 |
| 10 | 113.52 | 55.14 |
| 11 | 118.07 | 56.25 |
| 12 | 118.07 | 56.25 |

பன்னண்டு மாசத்துக்கு எதுக்கு பதிமூணு மதிப்புன்னா, முதல் மாசம் எவ்வளவு ஏறுச்சுன்னு தெரியணும்னா அதுக்கு முந்தின மாசக்கடைசி மதிப்பு வேணும், அதான் 0ன்னு ஒரு வரி. நீலம் 50ல ஆரம்பிக்குது சிவப்பு 100ல ஆரம்பிக்குது, அதனால நீலம் சீப்புன்னு நெனச்சுராதீங்க, என்ஏவி எத்தனைங்கறதுக்கு இங்க எந்த அர்த்தமும் இல்ல, எத்தனை சதவீதம் மாறுச்சுங்கறது மட்டும்தான் கணக்கு. இன்னொண்ணு, ஃபண்ட் நடத்துற செலவு தினமும் கழிச்சுட்டுதான் என்ஏவி போடுறாங்க, அதனால அந்தச் செலவை நீங்க மறுபடி கழிக்க வேண்டாம்.

இப்போ ஒவ்வொரு மாசத்துக்கும் ரிட்டர்ன். இந்த மாசக்கடைசி மதிப்பை போன மாசக்கடைசி மதிப்பால வகுத்து 1ஐக் கழிச்சா போதும். சிவப்புல முதல் மாசம் 105ஐ 100ஆல வகுத்தா 1.05, ஒண்ணைக் கழிச்சா 0.05, அதாவது 5 சதவீதம். ரெண்டாவது மாசம் 100.80ஐ 105ஆல வகுத்தா 0.96, அதாவது மைனஸ் 4 சதவீதம். இப்படியே போனா சிவப்புக்கு 5, -4, 7, 2, -6, 8, 3, -5, 6, -2, 4, 0ன்னு வரும். நீலத்துக்கு 2, -1, 3, 1, -2, 3, 2, -1, 3, 0, 2, 0. பைசா ரவுண்ட் பண்ணதால உங்க ஷீட்ல 2.99, 0.99ன்னு கொஞ்சம் முன்னப்பின்ன வரும், அதைக் கண்டுக்க வேண்டாம்.

சராசரி எடுத்தா சிவப்புக்கு மாசம் 1.5 சதவீதம், நீலத்துக்கு மாசம் 1 சதவீதம். இது வரைக்கும் சிவப்புதான் மேல, அதுல சந்தேகமே இல்ல.

அடுத்து ஆட்டத்தை அளக்கணும். அதுக்குத்தான் ஸ்டாண்டர்ட் டீவியேஷன், தமிழ்ல திட்ட விலக்கம்னு பாடப்புத்தகத்துல படிச்சிருப்பீங்க. ஷீட்ல ஒரே ஃபார்முலாவுல வந்துரும்னாலும் ஒரே ஒரு தடவை கையால போட்டுப் பாருங்க, அப்பதான் அது எதை அளக்குதுன்னு மனசுல நிக்கும். நீலத்தையே எடுத்துக்குவோம், சராசரி சரியா 1ங்கறதால சுலபமா இருக்கும். ஒவ்வொரு மாச ரிட்டர்னும் அந்த 1ல இருந்து எவ்வளவு தள்ளி இருக்குன்னு பாக்கணும், முதல் மாசம் 2, அப்போ 1 தள்ளி, ரெண்டாவது மாசம் -1, அப்போ 2 கீழ, மூணாவது 3, அப்போ 2 மேல, நாலாவது சரியா 1, தள்ளலே இல்ல, அஞ்சாவது -2, அப்போ 3 கீழ, இப்படி பன்னண்டையும் எடுத்து ஒவ்வொண்ணையும் அதாலயே பெருக்கி, அதாவது வர்க்கம் எடுத்து கூட்டுனா 34 வரும். வர்க்கம் எடுக்குறதுக்குக் காரணம், இல்லேன்னா மேல தள்ளினதும் கீழ தள்ளினதும் ஒண்ணை ஒண்ணு அடிச்சு கூட்டுத்தொகை பூஜ்யம் ஆயிரும். அந்த 34ஐ 11ஆல வகுக்கணும், 3.09 வரும், அதோட வர்க்கமூலம் 1.76. அதான் நீலத்தோட மாச ஸ்டாண்டர்ட் டீவியேஷன், 1.76 சதவீதம்.

பன்னண்டு மாசம் இருக்கும்போது ஏன் 11ஆல வகுக்குறோம்னு கேப்பீங்க. நம்மகிட்ட இருக்குறது இந்த ஃபண்டோட முழு குணம் இல்ல, அதுல ஒரு பன்னண்டு மாச சாம்பிள்தான், சராசரியையும் அதே பன்னண்டு மாசத்துல இருந்துதான் எடுத்தோம், அதனால தள்ளல் எல்லாம் உண்மையை விட கொஞ்சம் கம்மியாத்தான் தெரியும், அதைச் சரிகட்டத்தான் ஒண்ணு குறைச்சு வகுக்குறது.

சிவப்புக்கும் இதே மாதிரி போட்டா வர்க்கங்களோட கூட்டு 257, 11ஆல வகுத்து வர்க்கமூலம் எடுத்தா 4.83. அதாவது சிவப்புல சாதாரணமா ஒரு மாசம் அதோட சராசரியை விட அஞ்சு சதவீதம் கிட்ட மேலயோ கீழயோ போறது சகஜம், நீலத்துல ரெண்டு சதவீதத்துக்குள்ளதான். சிவப்போட ஆட்டம் நீலத்தை மாதிரி 2.75 மடங்கு. ஆனா சராசரி லாபம் 1.5 மடங்குதான். இந்த ரெண்டு மடங்கையும் பக்கத்துல வச்சாலே விஷயம் பாதி புரிஞ்சுரும்.

ஆட்டம் ஜாஸ்தியானா வெறும் மனக்கஷ்டம் மட்டும் இல்ல, காசாவும் கொஞ்சம் போகுது. சிவப்பு மாசா மாசம் ஆடாம அசையாம 1.5 சதவீதம் ஏறியிருந்தா வருஷத்துக்கு 19.56 சதவீதம் வந்திருக்கணும், ஆனா வந்தது 18.07தான். நீலத்துக்கு 12.68 வரவேண்டியது 12.49 வந்திருக்கு. 6 சதவீதம் இறங்கி மறுபடி 6 சதவீதம் ஏறுனா பழைய எடத்துக்கு வராது, கொஞ்சம் கீழயே நிக்கும், அந்தத் தேய்மானம்தான் இது, ஆட்டம் எவ்வளவு பெருசோ தேய்மானமும் அவ்வளவு பெருசு.

சரி, இப்போ ரெண்டையும் எப்படி ஒரே தராசுல வைக்கிறது? இந்த எடத்துலதான் நிறைய விளக்கங்கள் நேரா ஃபார்முலாவைத் தூக்கிப் போட்டுட்டுப் போயிரும், எனக்கு அது பிடிக்காது, ஏன்னா ஃபார்முலாவுக்குப் பின்னாடி இருக்குற யோசனை ரொம்ப எளிமையானது. ரிஸ்க்கே இல்லாத ஒரு எடத்துல காசு போட்டா மாசம் 0.5 சதவீதம் வரும்னு வச்சுக்குவோம், குறுகிய கால அரசாங்கப் பத்திரத்தோட வட்டியை இதுக்கு எடுத்துக்குறது வழக்கம். இப்போ ஒருத்தர் சிவப்பு ஃபண்டையே வாங்குறார், ஆனா எல்லா காசையும் போடாம 36.4 சதவீதத்தை மட்டும் சிவப்புல போட்டு மீதி 63.6 சதவீதத்தை அந்த ரிஸ்க் இல்லாத எடத்துல போடுறார். அவரோட மொத்தப் பணம் எவ்வளவு ஆடும்? ரிஸ்க் இல்லாத பக்கம் ஆடாது, சிவப்புப் பக்கம் மட்டும்தான் ஆடும், அதனால மொத்த ஆட்டம் 4.83ல 36.4 சதவீதம், அதாவது 1.76. நீலத்தோட ஆட்டம் அதேதான்! அப்போ லாபம் எவ்வளவு? ரிஸ்க் இல்லாத 0.5, அதோட சிவப்பு அதுக்கு மேல குடுக்குற 1.0ல 36.4 சதவீதம், மொத்தம் மாசம் 0.86. நீலம் அதே ஆட்டத்துக்கு மாசம் 1.0 குடுத்திருக்கு.

இதான் சார் மொத்த விஷயமும். ஒரே அளவு ஆட்டத்துக்கு ரெண்டையும் கொண்டுவந்து நிறுத்துனா நீலம் ஜெயிக்குது. சிவப்போட கூடுதல் லாபம் அது ஏத்துக்கிட்ட கூடுதல் ஆட்டத்துக்குப் போதல. இந்தக் கலந்து பாக்குற முறையை 1997ல ஃபிராங்கோ மோடிக்லியானியும் அவரோட பேத்தி லியா மோடிக்லியானியும் எழுதுனாங்க, எம் ஸ்கொயர்டுன்னு பேரு. பதில் சதவீதத்துலயே வர்றதால புதுசா படிக்கிறவங்களுக்கு இதுதான் நல்லாப் புரியும்னு நான் நெனக்கிறேன்.

இதையே சுருக்கி ஒரே நம்பராச் சொன்னா அதுதான் ஷார்ப் ரேஷியோ. வில்லியம் ஷார்ப் 1966ல சொன்னது, அவருக்கு 1990ல பொருளாதார நோபல் கெடச்சுது. சராசரி ரிட்டர்ன்ல இருந்து ரிஸ்க் இல்லாத ரிட்டர்னைக் கழிச்சு, அதை ஸ்டாண்டர்ட் டீவியேஷனால வகுக்கணும். சிவப்புக்கு 1.5ல 0.5 போனா 1.0, அதை 4.83ஆல வகுத்தா 0.21. நீலத்துக்கு 1.0ல 0.5 போனா 0.5, அதை 1.76ஆல வகுத்தா 0.28. ஒரு பங்கு ஆட்டத்துக்கு எவ்வளவு கூலி கெடச்சுதுன்னு அர்த்தம்.

ஷீட்ல போடுறதுக்கு, A காலம்ல மாசம், Bல சிவப்பு, Cல நீலம், ரெண்டாவது வரியில 0வது மாசம்னு வச்சுக்கிட்டா D3ல ஆரம்பிச்சு D14 வரைக்கும் சிவப்போட ரிட்டர்ன், E3ல இருந்து E14 வரைக்கும் நீலத்தோடது:

```
D3:  =B3/B2-1
E3:  =C3/C2-1
=AVERAGE(D3:D14)
=STDEV.S(D3:D14)
=(AVERAGE(D3:D14)-0.005)/STDEV.S(D3:D14)
```

`STDEV.S`ங்கறதுதான் 11ஆல வகுக்கும், `STDEV.P` போட்டா 12ஆல வகுத்துரும், கொஞ்சம் கம்மியா வரும். ரெண்டு ஃபண்டுக்கும் ஒரே ஃபார்முலா போட்டா ஜெயிக்கிறது யாருன்னு மாறாது, ஆனா ஒண்ணுக்கு இதையும் இன்னொண்ணுக்கு அதையும் போட்டுராதீங்க.

ஃபண்ட் வெப்சைட்லயும் ஃபேக்ட்ஷீட்லயும் வர்ற நம்பர் பெரும்பாலும் வருஷக் கணக்குல இருக்கும். மாச ஸ்டாண்டர்ட் டீவியேஷனை வருஷத்துக்கு மாத்தணும்னா 12ஆல இல்ல, 12ஓட வர்க்கமூலமான 3.46ஆல பெருக்கணும், ஏன்னா ஒரு மாச இறக்கம் இன்னொரு மாச ஏத்தத்துல கொஞ்சம் அடிபட்டுப் போயிரும், எல்லா மாச ஆட்டமும் ஒரே பக்கமா சேராது. சிவப்பு வருஷத்துக்கு 16.7, நீலம் 6.1. ஷார்ப் ரேஷியோவையும் அதே 3.46ஆல பெருக்கணும், லாபம் 12 மடங்கு ஆகுது ஆட்டம் 3.46 மடங்கு ஆகுது, வகுத்தா மிச்சம் அதே 3.46தான். சிவப்பு 0.72, நீலம் 0.99. ஒரு ஃபண்டுக்கு நீங்க போட்ட மாசக் கணக்கையும் இன்னொரு ஃபண்டுக்கு ஃபேக்ட்ஷீட்ல இருக்குற வருஷக் கணக்கையும் வச்சுப் பாத்தீங்கன்னா ஒண்ணு மூணு மடங்கு நல்லதாத் தெரியும், அது வெறும் அலகுக் குழப்பம்.

இனி தப்பு எங்க வரும்னு பாப்போம். ஷீட்ல நடக்குற தப்புல எனக்கே நடந்தது ஒண்ணு இருக்கு. முதல் தடவை இந்தக் கணக்கைப் போட்டப்போ என்ஏவிக்குப் பதிலா என்னோட அக்கவுண்ட் ஸ்டேட்மெண்ட்ல இருந்த மொத்த மதிப்பை எடுத்துப் போட்டுட்டேன், அது மாசா மாசம் தவணை கட்டிட்டு வந்த ஃபண்ட். முதல் மாசம் 100 சதவீதம் ரிட்டர்ன், அடுத்தது 50 சதவீதம் கிட்ட, அடுத்தது 33, அப்புறம் 25ன்னு வந்துச்சு. அது ரிட்டர்னே இல்ல, நான் போட்ட தவணை. ஒரு தவணை இருந்த எடத்துல ரெண்டு தவணை ஆனா 100 சதவீதம், ரெண்டு மூணானா 50 சதவீதம், அவ்வளவுதான். உங்க ரிட்டர்ன் காலம்ல மேல இருந்து கீழ வரிசையா இறங்கிக்கிட்டே வந்து மைனஸே இல்லாம இருந்தா இந்தத் தப்பைத்தான் பண்ணியிருக்கீங்க. சொந்தக் கணக்கோட மதிப்பைத்தான் வைக்கணும்னா மாசத் தொடக்கத்துல போட்ட காசை போன மாச மதிப்போட சேத்துட்டு அப்புறம் வகுக்கணும். போன மாசக்கடைசி 10,000, ஒண்ணாந்தேதி 2,000 போட்டீங்க, இந்த மாசக்கடைசி 12,100ன்னா ரிட்டர்ன் 21 சதவீதம் இல்ல, 12,100ஐ 12,000ஆல வகுத்து 0.83 சதவீதம். ஆனா இதெல்லாம் எதுக்கு, யூனிட் மதிப்பை எடுத்தா இந்தத் தொல்லையே வராது.

யூனிட் மதிப்புலயும் ஒரு குழி இருக்கு. லாபத்தை அப்பப்போ வெளிய குடுக்குற வகை ஃபண்டா இருந்தா குடுத்த அன்னிக்கு என்ஏவி அந்த அளவுக்கு இறங்கும், அது நஷ்டம் இல்ல, காசு உங்க கைக்கு வந்திருக்கு. அப்படியே விட்டா சராசரி குறைஞ்சு ஆட்டமும் ஜாஸ்தியாத் தெரியும், ரெண்டு பக்கமும் அந்த ஃபண்டுக்கு அநியாயம். குடுத்த தொகையை அந்த மாசக்கடைசி மதிப்போட கூட்டிட்டு வகுங்க, இல்லேன்னா அதே ஃபண்டோட லாபத்தை உள்ளயே வச்சுக்குற வகையோட என்ஏவியை எடுத்துக்கோங்க.

அடுத்து, `STDEV.S`ஐ ரிட்டர்ன் இருக்குற D, E காலம்ல போடாம மதிப்பு இருக்குற B, C காலம்ல போடுறது, இது ரொம்ப சாதாரணமா நடக்கும். மாசம் தவறாம சரியா 1 சதவீதம் ஏறுற ஒரு ஃபண்டை நெனச்சுப் பாருங்க, 100ல ஆரம்பிச்சு 112.68ல முடியும், அதுல ஆட்டமே கிடையாது, ரிட்டர்னோட ஸ்டாண்டர்ட் டீவியேஷன் பூஜ்யம். ஆனா அந்தப் பதிமூணு மதிப்புக்கு போட்டா 4க்கு மேல வரும். அது ஏறுனதை ரிஸ்க்குன்னு சொல்லுது, இதை வச்சு முடிவெடுத்தா நல்லா ஏறுற ஃபண்டையே வெளிய அனுப்பிருவோம். சதவீதத்தை எழுதுறதுலயும் கவனம் வேணும், 0.005ன்னு போடவேண்டிய எடத்துல 0.5ன்னு போட்டா ஷார்ப் ரேஷியோ மைனஸ் 10 கிட்ட வந்து நிக்கும், மாசக் கணக்குல அப்படி ஒரு நம்பர் வந்தாலே ஃபார்முலாவைத் திரும்பிப் பாருங்க.

இதெல்லாம் திருத்தக்கூடிய தப்பு. இனி சொல்லப்போறது கணக்கு சரியா இருந்தாலும் வர்ற பிரச்சனை.

ரிஸ்க் இல்லாத வட்டின்னு நாம எடுத்த 0.5 இருக்குல்ல, அது சும்மா ஒரு ஓரமா நிக்கிற நம்பர் இல்ல. அதை 0.2ன்னு வச்சா சிவப்பு 0.27, நீலம் 0.46, நீலம் இன்னும் தூரமா ஓடிருது. அதையே 0.8ன்னு வச்சா சிவப்பு 0.14, நீலம் 0.11, சிவப்பு ஜெயிச்சிருது! ஃபண்ட் அதே ஃபண்ட், மாசம் அதே மாசம், வட்டி 0.71க்கு மேல போனதும் முடிவு தலைகீழ். காரணம் என்னன்னா வட்டியே நல்லா குடுக்குற காலத்துல நீலம் அதுக்கு மேல குடுக்குறது ரொம்பக் கொஞ்சம், அந்தக் கொஞ்சத்துக்கு ஆட்டத்தை ஏத்துக்குறது லாபமில்ல. அதனால வெப்சைட்ல இருந்து ஷார்ப் ரேஷியோவை எடுத்து ரெண்டு ஃபண்டை ஒப்பிட்டா ரெண்டுக்கும் ஒரே வட்டி, ஒரே காலம் வச்சிருக்காங்களான்னு பாத்தே ஆகணும். ரெண்டு வேற வேற எடத்துல இருந்து எடுத்தா அந்த ஒப்பீட்டை நம்பாதீங்க.

இதை விடப் பெருசு, பன்னண்டு மாசம் போதாது. நான் விளக்கத்துக்குச் சின்னதா இருக்கட்டும்னுதான் பன்னண்டு எடுத்தேன். நீலத்தோட அஞ்சாவது மாசத்துல மைனஸ் 2 இருந்துச்சுல்ல, அந்த ஒரே ஒரு மாசம் மைனஸ் 6ஆ இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு போட்டுப் பாத்தேன், மத்த பதினொரு மாசமும் அப்படியே. சராசரி 1.0ல இருந்து 0.67க்கு இறங்குது, ஸ்டாண்டர்ட் டீவியேஷன் 1.76ல இருந்து 2.57க்கு ஏறுது, ஷார்ப் ரேஷியோ 0.28ல இருந்து 0.06க்கு விழுது. சிவப்போட 0.21க்கு முன்னாடி நிக்கக்கூட முடியல. ஒரே ஒரு கெட்ட மாசம். இதுல இருந்தே தெரியும், பன்னண்டு மாசத்துல வந்த 0.28க்கும் 0.21க்கும் நடுவுல இருக்குற வித்தியாசத்தை வச்சு ஒரு ஃபண்டை விக்கிறது எவ்வளவு அவசரமான முடிவுன்னு. தோராயமா ஒரு அளவு வச்சுக்கலாம், வருஷக் கணக்கு ஷார்ப் ரேஷியோவுல இருக்குற தடுமாற்றம் கிட்டத்தட்ட 1ஐ வருஷ எண்ணிக்கையோட வர்க்கமூலத்தால வகுத்த அளவு. ஒரு வருஷ டேட்டான்னா முன்னப்பின்ன 1, நாலு வருஷம்னா 0.5, ஒம்பது வருஷம்னாலும் 0.33. ரெண்டு ஃபண்டும் சேந்தே ஏறி சேந்தே இறங்குச்சுன்னா அதுங்களுக்கு நடுவுல இருக்குற வித்தியாசத்தோட தடுமாற்றம் இதை விடக் குறையும், ஆனாலும் ஒரு வருஷத்தை வச்சு தீர்ப்பு சொல்ல முடியாது. குறைஞ்சது 36 மாசம், முடிஞ்சா 60 எடுங்க, அதுக்குள்ள ஒரு பெரிய இறக்கமாவது வந்திருக்கணும், ரெண்டு ஃபண்டுக்கும் அதே மாசங்களா இருக்கணும். ஒரு ஃபண்ட் பெரிய வீழ்ச்சிக்கு அப்புறம்தான் ஆரம்பிச்சதுன்னா அதோட நம்பர் அழகாத்தான் இருக்கும், அந்த வீழ்ச்சியை அது பாக்கவே இல்லயே.

மார்க்கெட் இறங்குன காலத்துல இந்த ரேஷியோவை அப்படியே விட்டுருங்க. ரெண்டு ஃபண்டும் மாசம் சராசரியா மைனஸ் 1, ஒண்ணோட ஆட்டம் 5, இன்னொண்ணோடது 2. கணக்கு போட்டா முதல் ஃபண்ட் மைனஸ் 0.3, ரெண்டாவது மைனஸ் 0.75. நம்பர்ல முதல் ஃபண்ட் மேல. அதாவது அதே நஷ்டத்தைக் குடுத்து அதுக்கு மேல ரெண்டரை மடங்கு ஆடுனதை நல்ல ஃபண்டுன்னு சொல்லுது. மைனஸ்ல வந்துட்டா ஷார்ப்பை வச்சு வரிசைப்படுத்தாதீங்க, சராசரியையும் ஆட்டத்தையும் தனித்தனியாப் பாத்தா போதும்.

இன்னொரு குறையும் உண்டு, ஸ்டாண்டர்ட் டீவியேஷனுக்கு ஏத்தமும் இறக்கமும் ஒண்ணுதான். சிவப்போட ஆறாவது மாசம் 8 சதவீதம் ஏறுச்சு, அதுவும் ஆட்டக் கணக்குல பெரிய தொகையா சேந்துருக்கு, யாரும் அதுக்காக அழமாட்டாங்க. இறக்கத்தை மட்டும் எடுத்துக் கணக்குப் போடுற சார்டினோ ரேஷியோன்னு ஒண்ணு இருக்கு, ஷார்ப்பைக் கையால போட்டுப் பழகுனதுக்கு அப்புறம் அதைப் பாக்கலாம். அதே மாதிரி ரொம்ப அபூர்வமா கைமாறுற கடன் பத்திரங்களை வச்சிருக்குற ஃபண்டுல தினசரி விலை உண்மையான விற்பனையில இருந்து வராது, மதிப்பீடா போடுவாங்க, அதனால கோடு வழவழன்னு ஏறும், ஸ்டாண்டர்ட் டீவியேஷன் சின்னதா இருக்கும், ஷார்ப் ரேஷியோ ரெண்டு மூணுன்னு பிரமாதமா வரும். கடன் வாங்குன கம்பெனி ஒண்ணு காசு திருப்பித் தராத அன்னிக்கு ஒரே நாள்ல படியிறங்குன மாதிரி விழும். இதுவரைக்கும் நடக்காத ரிஸ்க்கு ஸ்டாண்டர்ட் டீவியேஷனுக்குத் தெரியவே தெரியாது. அதனால பங்கு ஃபண்டை பங்கு ஃபண்டோட மட்டும் ஒப்பிடுங்க, கடன் ஃபண்டோட வேண்டாம்.

திரும்ப நம்ம ரெண்டு ஃபண்டுக்கு வருவோம், ஏன்னா ரெண்டும் கையில இருக்கு, எதை வைக்கிறதுன்னு தெரியணும். கடைசியா ஒரு ஃபார்முலா போட்டுப் பாருங்க:

```
=CORREL(D3:D14,E3:E14)
```

இது ரெண்டும் எவ்வளவு சேந்து ஆடுதுன்னு சொல்லும், 1 வந்தா அச்சு அசலா சேந்து, 0ன்னா சம்பந்தமே இல்ல. நம்ம கணக்குல 0.98 வருது. டேபிளைப் பாத்தாலே தெரியும், சிவப்பு இறங்குன மாசமெல்லாம் நீலம் இறங்குது இல்ல அப்படியே நிக்குது, சிவப்பு ஏறுன மாசமெல்லாம் நீலமும் ஏறுது. அப்போ ரெண்டையும் வச்சிருக்குறதால ஆட்டம் குறையும்னு நெனச்சா அது நடக்கல, ஒரே சரக்கைக் கெட்டியாவும் தண்ணியாவும் ரெண்டு பாத்திரத்துல வச்சிருக்கோம், நீலப் பாத்திரத்துல இருக்குறது கொஞ்சம் நல்ல சரக்கு, அவ்வளவுதான் இந்தப் பன்னண்டு மாசம் சொல்லுது. இதுவே 0.3ன்னு வந்திருந்தா ஷார்ப் கம்மியா இருந்தாலும் சிவப்பை விக்க நான் தயங்குவேன், ஏன்னா நீலம் விழுற மாசத்துல சிவப்பு தாங்கிப் பிடிக்க வாய்ப்பு இருக்கு, தனியாப் பாத்தா சுமாரான ஃபண்ட் கூட்டுல நல்லா வேலை செய்யும்.

சிவப்புக்கு ஆதரவா இன்னொரு நியாயமும் இருக்கு. நமக்கு மாசம் 0.86ஓ 1.0ஓ போதும்னா நீலம் சரி. ஆனா ஒருத்தருக்கு நிஜமாவே மாசம் 1.5 வேணும், பதினஞ்சு வருஷம் தொடப்போறதில்ல, நடுவுல ஆடுனா விக்கமாட்டார்னா, நீலத்தை வச்சு அவர் அந்த 1.5க்குப் போக முடியாது. நீலத்தைக் கடன் வாங்கிப் போட்டாத்தான் அந்த ஒசரம் வரும், அதை யாரும் செய்யக்கூடாது. ஷார்ப் ரேஷியோ ஒரு பங்கு ஆட்டத்துக்கு என்ன கூலின்னு சொல்லும், எத்தனை பங்கு வேலை நமக்குத் தேவைன்னு சொல்லாது.

நான் இப்போ பண்றது என்னன்னா, ஒவ்வொரு மாசக்கடைசியிலயும் ரெண்டு என்ஏவியை ஷீட்ல சேத்து, 36 மாசம் ஆனதுக்கு அப்புறம் ஒவ்வொரு மாசமும் கடைசி 36 மாசத்துக்கு மட்டும் ஷார்ப் ரேஷியோ வர்ற மாதிரி ஃபார்முலாவைக் கீழ இழுத்துக்கிட்டே போறேன். ரெண்டு ஃபண்டோட ரேஷியோவும் பக்கத்துல பக்கத்துல இருக்கும், எது மேல எது கீழன்னு மாசா மாசம் தெரியும். ரெண்டும் மாத்தி மாத்தி மேல வந்துக்கிட்டே இருந்தா ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லன்னு விட்டுருவேன். ஒண்ணு பெரும்பாலான வரியில, நல்ல காலம் கெட்ட காலம் ரெண்டுலயும் மேலயே இருந்தா அப்போ மட்டும்தான் அடுத்த தவணையை அந்தப் பக்கம் திருப்புறதைப் பத்தி யோசிப்பேன், ஏற்கெனவே இருக்குறதை விக்கிறதா இருந்தா வெளியேறும் கட்டணமும் வரியும் எவ்வளவுன்னு தனியாக் கணக்கு பாத்துட்டுத்தான்.